அவுட்லுக் மறைத்த .mdb இணைப்பு: கிளையின் வருகைப்பதிவைப் பாதுகாப்பாகப் பெறுவது எப்படி?

3 நவம்பர் 2025, காலை 10.20 | நூற்கணக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். பெருந்துறையில் எங்களுக்கு இன்னொரு தொழிற்கூடம் இருக்கிறது. அங்குள்ள விரல்ரேகைக் கருவியின் வருகைப்பதிவு, மாதத்தின் முதல் வேலைநாளில் att2000.mdb என்ற ஒரே கோப்பாக மின்னஞ்சலில் வந்துவிடும். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் நடந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் சென்ற மாதம் என் கணினியை மாற்றினார்கள். புதியதில் ஆபீஸ் 2021 இருக்கிறது. இன்று காலை மின்னஞ்சல் வந்திருக்கிறது, இணைப்பு இல்லை. மேலே ஒரு பட்டையில் இந்த வரி மட்டும் தெரிகிறது:

```
Outlook blocked access to the following potentially unsafe attachments: att2000.mdb.
```

கிளையில் இருந்து இரண்டு முறை மறுபடி அனுப்பச் சொன்னேன், மூன்று மின்னஞ்சலிலும் அதே வரிதான். ஏழாம் தேதி சம்பளம் போட வேண்டும். இந்தத் தடையை எங்கே போய் நீக்குவது?

3 நவம்பர், காலை 10.48 | பழைய வாசகர்

எனக்கும் இப்படி வந்தது. `Trust Center` பகுதிக்குள் போய், படங்களைத் தானாகப் பதிவிறக்க வேண்டாம் என்ற இடத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும்.

3 நவம்பர், காலை 11.05 | நூற்கணக்கு

ஐயா, நீங்கள் சொல்வது மின்னஞ்சலின் உள்ளே வரும் படங்களுக்கான அமைப்பு. அதை மாற்றிப் பார்த்துவிட்டேன், பட்டை அப்படியே இருக்கிறது. அதே பகுதியில் `Attachment Handling` என்று ஒரு பக்கமும் உண்டு. அதில் முன்னோட்டம் தொடர்பான தெரிவுகள்தான் இருக்கின்றன, கோப்பு வகைகளைப் பற்றி எதுவும் இல்லை.

3 நவம்பர், காலை 11.30 | மின்வினைஞர்

இது மிக எளிது. கிளையில் கோப்பின் பெயரை att2000.txt என்று மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் நீங்கள் .mdb என்று திருப்பி மாற்றிக்கொள்ளுங்கள். அவுட்லுக் பின்னொட்டை மட்டுமே பார்க்கிறது, கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நான் பத்து ஆண்டுகளாக இப்படித்தான் அனுப்புகிறேன், பெறுகிறேன்.

3 நவம்பர், பிற்பகல் 1.15 | கொங்கு அமைப்பாளர்

மின்வினைஞர் சொன்னதில் பாதி சரி. அவுட்லுக் பின்னொட்டைத்தான் பார்க்கிறது, எனவே பெயர் மாறிய கோப்பு உங்கள் கைக்கு வந்து சேரும். ஆனால் நடுவில் உள்ள அஞ்சல் சேவையகம் உள்ளடக்கத்தையும் பார்க்கக்கூடும். அதற்கும் மேல், யாரோ அனுப்பிய கோப்பின் பின்னொட்டை மாற்றித் திறக்கும் பழக்கத்தை ஒரு கணக்கருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், நாளை கிளையின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலும் அதையே கேட்கும். தீங்கு செய்பவர்கள் பயன்படுத்தும் வழியை நாமே அலுவலக நடைமுறையாக ஆக்கிவிடக் கூடாது.

நூற்கணக்கு முதலில் பார்க்க வேண்டியது, தடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. உங்கள் மின்னஞ்சலை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே இணைப்பு தெரிந்தால் சேவையகம் அதைத் தடுக்கவில்லை, கோப்பு உங்கள் அஞ்சல்பெட்டியில் முழுதாக இருக்கிறது, கணினியில் உள்ள அவுட்லுக் மட்டும் அதை மறைக்கிறது என்று பொருள். அங்கேயும் தெரியவில்லை என்றாலோ, அனுப்பியவருக்கே அது திரும்பிப் போயிருந்தாலோ, உங்கள் கணினியில் எதை மாற்றினாலும் பெரும்பாலும் பயன் இராது. எடுத்துக்காட்டாக, ஜிமெயில் .exe கோப்பைச் சிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் ஏற்காது.

.mdb ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்செஸ் கோப்பு அட்டவணைகளோடு நிரல்களையும் தாங்கிவரும். கோப்பைத் திறந்தவுடன் தானாக ஓடும்படி ஒரு மேக்ரோவை உள்ளே வைக்க முடியும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் LOVE-LETTER-FOR-YOU.TXT.vbs என்ற இணைப்பு உலகம் முழுவதும் பரவியது. பின்னொட்டு மறைந்திருந்ததால் அதைப் பலர் உரைக்கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. நீங்கள் இன்று காணும் பட்டை அதன் வழிவந்ததுதான்.

3 நவம்பர், பிற்பகல் 3.40 | நூற்கணக்கு

உலாவியில் பார்த்தேன். மூன்று மின்னஞ்சலிலும் இணைப்பு இருக்கிறது, 14 எம்பி. ஆகவே தடை என் கணினியில்தான். உடனே பதிவிறக்கிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஒரு கேள்வி எழுந்து என்னை நிறுத்தியது. இதே கோப்பு, இதே அவுட்லுக், பழைய கணினியில் மூன்று ஆண்டுகள் தடையின்றித் திறந்ததே, அது எப்படி?

3 நவம்பர், மாலை 5.10 | கொங்கு அமைப்பாளர்

பழைய கணினி இன்னும் அலுவலகத்தில் இருந்தால், அதில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை இட்டுப் பாருங்கள். ஆபீஸ் 2010 என்றால் எண் 14.0, ஆபீஸ் 2013 என்றால் 15.0.

```
reg query HKCU\Software\Microsoft\Office\14.0\Outlook\Security /v Level1Remove
```

4 நவம்பர், காலை 9.35 | நூற்கணக்கு

கிடைத்தது. பழைய கணினியில் ஆபீஸ் 2010 இருந்தது. அதில் வந்த விடை இது:

```
Level1Remove    REG_SZ    .mdb;.exe;.js
```

கணினியை அமைத்துத் தந்தவர்களில் யாரோ ஒருவர் எப்போதோ இதை எழுதியிருக்கிறார். வருகைக் கோப்புக்காக .mdb எழுதியது புரிகிறது. கூடவே .exe, .js ஆகியவற்றையும் ஏன் திறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக எந்த .exe இணைப்பும் என் கணினியில் மறைக்கப்படாமல்தான் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் "விலைப்பட்டியல்" என்ற பெயரில் வந்த எத்தனையோ மின்னஞ்சல்களை நான் திறந்திருக்கிறேன். இதை எழுதும்போதே மனம் பதறுகிறது.

4 நவம்பர், காலை 10.20 | கொங்கு அமைப்பாளர்

புதிய கணினியில் அது வேலை செய்யாமல் போனதற்கும் காரணம் இதுதான். அந்த வரி பழைய கணினியின் பதிவேட்டிலேயே நின்றுவிட்டது. மேலும் 2016 முதல் வந்த பதிப்புகள் எல்லாம் பதிவேட்டில் 16.0 என்ற பகுதியைப் படிக்கின்றன. 14.0 பகுதியில் எழுதியதை அவை பார்ப்பதே இல்லை.

அதை அங்கே மறுபடி எழுதுவது கடினமான வேலை இல்லை. .mdb மட்டும் போதும் என்றால் கட்டளை இவ்வளவுதான்:

```
reg add HKCU\Software\Microsoft\Office\16.0\Outlook\Security /v Level1Remove /t REG_SZ /d ".mdb"
```

அவுட்லுக்கை மூடித் திறந்தால் இணைப்பு தெரியும். அப்போதும் நேரடியாகத் திறக்க விடாது, வட்டில் சேமித்த பிறகே திறக்க முடியும். நிர்வாகி குழுக்கொள்கை வழியாக இந்த உரிமையை மூடியிருந்தால், நீங்கள் எழுதியதை அவுட்லுக் பொருட்படுத்தாது. வலைவழி அஞ்சலின் வடிவில் வந்திருக்கும் புதிய அவுட்லுக் இந்த இடத்தைப் படிப்பதே இல்லை.

இதைச் சொன்னாலும், செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் திறப்பு கிளைக்கு மட்டும் உரியது அன்று. உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடிய எல்லோருடைய .mdb கோப்புக்கும் அது கதவைத் திறக்கிறது. மாதம் ஒரு முறை ஒரே ஆள் அனுப்பும் கோப்புக்காக ஆண்டு முழுவதும் அதைத் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

4 நவம்பர், காலை 11.50 | துறைமுக அலுவலர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பட்டைதான், ஆனால் கோப்பு வேறு. தூத்துக்குடியில் சரக்குத் தீர்வை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தரவுப் பரிமாற்றத்துக்காக ஒரு கூட்டாளி நிறுவனம் தன் சான்றிதழை .cer கோப்பாக அனுப்பியது, அதையும் அவுட்லுக் மறைத்துவிட்டது. சான்றிதழில் நிரல் எதுவும் இல்லையே, அதில் என்ன ஆபத்து?

4 நவம்பர், பிற்பகல் 12.30 | கொங்கு அமைப்பாளர்

அதை இருமுறை சொடுக்கினால் வரும் சாளரத்தின் அடியில் `Install Certificate` என்று ஒரு பொத்தான் இருக்கும், அங்கேதான் ஆபத்து. ஒரு போலிச் சான்றிதழை நம்பகமான வேர்ச்சான்றிதழ்களின் தொகுப்பில் ஏற்றிவிட்டால், அதை வைத்திருப்பவர் கையொப்பமிடும் எந்தத் தளத்தையும் உங்கள் கணினி மெய்யானது என்று ஏற்றுக்கொள்ளும்.

உங்களுக்கு வழி எளிது. சான்றிதழை எழுத்துகளாக எழுதும் வடிவம் உண்டு. அதை மின்னஞ்சலின் உடலிலோ .txt கோப்பிலோ அனுப்பச் சொல்லுங்கள். வந்ததை நிறுவாமல், இந்தக் கட்டளையால் படித்துப் பாருங்கள்:

```
certutil -dump sandru.txt
```

அதில் `Cert Hash(sha1)` என்று வரும் வரியை, அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து வாசித்து ஒப்பிடுங்கள். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டாம், உங்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.

4 நவம்பர், பிற்பகல் 2.10 | மின்வினைஞர்

சான்றிதழைப் பெயர் மாற்றி .txt ஆக அனுப்பலாம் என்கிறீர்கள். நான் சொன்னால் மட்டும் தவறா?

4 நவம்பர், பிற்பகல் 2.45 | கொங்கு அமைப்பாளர்

கேள்வி நியாயமானது. எழுத்து வடிவச் சான்றிதழ் உண்மையிலேயே உரைதான், நோட்பேடில் திறந்தால் எழுத்துகளாகவே இருக்கும். .txt என்ற பெயர் அங்கே பொய் சொல்லவில்லை. .mdb கோப்புக்கு அந்தப் பெயர் வைத்தால் அது பொய். இன்னொரு வேறுபாடு, தொலைபேசியில் சரிபார்க்கும் படி. அந்தப் படி இல்லாவிட்டால் நான் சொன்ன வழியும் உங்கள் வழியைப் போன்றதுதான்.

4 நவம்பர், மாலை 4.25 | நூற்கணக்கு

இம்மாதத்துக்கு இப்படிச் செய்துவிட்டேன். பெருந்துறையில் கோப்பை அனுப்பும் மேற்பார்வையாளரை அழைத்து, மூன்று மின்னஞ்சலும் அவர் அனுப்பியவைதாம் என்று உறுதி செய்தேன். அவருடைய கணினியில் ஒரு கட்டளையை இடச் சொன்னேன், உலாவி வழியாகப் பதிவிறக்கிய என் படியிலும் அதையே இட்டேன்.

```
certutil -hashfile att2000.mdb SHA256
```

வந்த நீண்ட வரியின் முதல் எட்டு எழுத்துகளையும் கடைசி எட்டு எழுத்துகளையும் அவர் வாசித்தார், என்னுடையதோடு பொருந்தின. பிறகு கோப்பைத் திறந்தேன். ஆக்செஸ் மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டையைக் காட்டியது. அதில் உள்ள பொத்தானை அழுத்தாமலே அட்டவணைகளைப் படிக்க முடிந்தது.

4 நவம்பர், மாலை 6.00 | கொங்கு அமைப்பாளர்

கோப்பு வழியில் மாறவில்லை என்பதை அந்த ஒப்பீடு காட்டுகிறது. கிளைக் கணினியிலேயே தொற்று இருந்தால், தொற்றிய கோப்பும் அப்படியே பொருந்தும். அதனால் அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டது நல்லது. அதைவிட நல்லது, கோப்பைத் திறக்காமல் இருப்பது. ஒரு வெற்று ஆக்செஸ் கோப்பை நீங்களே உருவாக்கி, அதிலிருந்து கிளைக் கோப்பின் அட்டவணைகளை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். அப்போது தரவு மட்டும் வரும், அந்தக் கோப்பில் உள்ள தொடக்க மேக்ரோ ஓடாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் கோப்பில் எந்த அட்டவணை உங்களுக்குத் தேவை?

5 நவம்பர், காலை 9.15 | நூற்கணக்கு

எனக்குத் தேவை CHECKINOUT, USERINFO என்ற இரண்டு மட்டும். முதலாவதில் யார் எப்போது விரல் வைத்தார்கள் என்பது இருக்கிறது, இரண்டாவதில் பணியாளர் எண்ணும் பெயரும் இருக்கின்றன.

நேற்று உங்கள் கேள்விக்குப் பிறகுதான் மற்ற அட்டவணைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றில் TEMPLATE என்று ஒன்று இருக்கிறது. திறந்தால் படிக்க முடியாத இருமத் தரவு, ஒவ்வொரு பணியாளர் எண்ணுக்கும் எதிரே ஒன்றிரண்டு வரிசைகள். அவை அவர்களுடைய விரல்ரேகை வார்ப்புகள். தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் உட்பட 180 பேருடைய விரல்ரேகைத் தரவை நாங்கள் மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். கடவுச்சொல் களவு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். விரலுக்கு என்ன செய்வது? அவுட்லுக்கின் தடையை நீக்கினால் போதும் என்று கேட்டு வந்தேன். இப்போது இந்தக் கோப்பு மின்னஞ்சலில் வரவே கூடாது என்று நினைக்கிறேன்.

5 நவம்பர், காலை 10.05 | மின்வினைஞர்

அப்படியானால் கடவுச்சொல் இட்ட சிப்பாக அனுப்பலாம். அவுட்லுக் சிப்பின் உள்ளே பார்ப்பதில்லை.

5 நவம்பர், காலை 10.40 | கொங்கு அமைப்பாளர்

கடவுச்சொல் இட்ட சிப்பை வைரஸ் வடிகட்டியாலும் பார்க்க முடியாது. தீங்கு நிரல் அனுப்புபவர்கள் அதே காரணத்துக்காகத்தான் அந்த வடிவத்தை விரும்புகிறார்கள், கடவுச்சொல்லையும் அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற அடையாளத்தை விண்டோஸ் கோப்போடு ஒட்டி வைக்கும். விண்டோஸின் சொந்தக் கருவியால் பிரித்தால் அந்த அடையாளம் உள்ளே இருக்கும் கோப்புக்கும் போகும். 7-சிப் போன்ற கருவியில் அந்த அமைப்பை நாமே இயக்காவிட்டால் போகாது. அப்போது ஆக்செஸ் அந்தக் கோப்பை உள்ளூரில் பிறந்ததாகவே நடத்தும்.

5 நவம்பர், காலை 11.10 | மின்வினைஞர்

விரல்ரேகைத் தரவைப் பூட்டாமல் அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. வடிகட்டி பார்க்க வேண்டும் என்பதற்காகப் பணியாளரின் விரலைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்களா? கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொன்னால் என்ன கெட்டுப்போகும்?

5 நவம்பர், காலை 11.35 | கொங்கு அமைப்பாளர்

இதில் உங்கள் பக்கமும் வலு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. தரவை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். நான் சொல்ல வருவது, இங்கே அனுப்பவே தேவையில்லை என்பது. பெருந்துறையிலேயே தேவையான இரண்டு நெடுவரிசைகளை மட்டும் எடுத்து .csv கோப்பாக அனுப்பினால் அதில் மேக்ரோ இராது, விரல்ரேகையும் இராது, அவுட்லுக்கும் அதைத் தடுக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். CHECKINOUT அட்டவணையில் இருக்கும் USERID பணியாளர் எண் அன்று. அது அந்தந்தக் கோப்பு தானாகக் கொடுத்துக்கொள்ளும் எண். பணியாளர் எண் USERINFO அட்டவணையின் Badgenumber என்ற நெடுவரிசையில் இருக்கிறது. CHECKINOUT அட்டவணையை மட்டும் ஏற்றுமதி செய்து திருப்பூர்க் கோப்போடு சேர்த்தால் ஒருவர் வருகை இன்னொருவர் பெயரில் போய் விழும்.

6 நவம்பர், பிற்பகல் 3.20 | நூற்கணக்கு

நேரில் பெருந்துறைக்குப் போய் அமைத்துவிட்டு வந்தேன். நீங்கள் எச்சரித்த எண் குழப்பத்தைக் கண்ணால் பார்த்தேன். அங்கே USERID 37 என்பது ஓவர்லாக் தையற்காரர் ஒருவர். திருப்பூர்க் கோப்பில் அதே 37 எங்கள் கட்டிங் மாஸ்டர். அங்குள்ள ஆக்செஸில் இந்த வினவலைச் சேமித்து வைத்தேன்:

```
SELECT U.Badgenumber, C.CHECKTIME
FROM CHECKINOUT AS C INNER JOIN USERINFO AS U
ON C.USERID = U.USERID
WHERE C.CHECKTIME >= #2025-10-01#
AND C.CHECKTIME < #2025-11-01#;
```

விடையை .csv ஆக ஏற்றுமதி செய்ய வேண்டும், மின்னஞ்சலில் வரிசைகளின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இன்று வந்த கோப்பில் 9,386 வரிசைகள், அவர் எழுதியதும் அதே எண். 14 எம்பிக்குப் பதிலாக 300 கேபிக்கும் குறைவு. பட்டை வரவில்லை.

7 நவம்பர், காலை 8.50 | நூற்கணக்கு

மேலே நான் எழுதிய வினவலில் ஒரு பிழை இருக்கிறது, யாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். அக்டோபர் 31 இரவுப் பணிக்கு வந்த 22 பேர் வெளியேறியது நவம்பர் 1 காலை ஆறு மணிக்கு. என் வினவல் நள்ளிரவோடு நின்றுவிட்டதால் அவர்கள் உள்ளே வந்த நேரம் இருக்கிறது, வெளியே போன நேரம் இல்லை. சம்பள மென்பொருள் அவர்களுக்கு அரைநாள் பிடித்திருந்தது. நல்லவேளையாகச் சம்பளம் ஏற்றும் முன் கண்ணில் பட்டது. இரண்டாவது தேதியை #2025-11-02# என்று மாற்றச் சொல்லி, மறுபடி வாங்கினேன். கூடுதலாக வரும் நவம்பர் 1 பகல்பணி வரிசைகளைச் சம்பள மென்பொருளில் தேதி வரம்பு வைத்து விலக்குகிறேன்.

8 நவம்பர், மாலை 4.00 | துறைமுக அலுவலர்

சான்றிதழை உரையாக வாங்கி, கூட்டாளி நிறுவனத்தை அழைத்து ஒப்பிட்டேன். முதலில் எண்கள் பொருந்தவில்லை. அவர்கள் காலாவதியான பழைய சான்றிதழை அனுப்பியிருந்தார்கள். புதியதை அனுப்பிய பிறகு பொருந்தியது. பட்டை வராமல் இருந்திருந்தால் பழையதையே ஏற்றியிருப்பேன்.

1 டிசம்பர் 2025, காலை 10.10 | நூற்கணக்கு

நவம்பர் மாதக் கோப்பு இன்று .csv ஆக வந்துவிட்டது, எண்ணிக்கை சரி. பழைய கணினியின் பதிவேட்டில் இருந்த `.mdb;.exe;.js` வரியை நீக்கிவிட்டேன், அந்தக் கணினி பண்டகசாலைக்குப் போகிறது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. என் அஞ்சல்பெட்டியில் பழைய att2000.mdb இணைப்புகளோடு 38 மின்னஞ்சல்கள் இருக்கின்றன. பெருந்துறையின் அனுப்பிய அஞ்சலிலும் அதே 38 இருக்கும். எல்லாவற்றிலும் விரல்ரேகை இருக்கிறது. அழித்துவிடலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். வருங்கால வைப்புநிதித் தணிக்கையில் பழைய வருகைப்பதிவைக் கேட்கலாம் என்று தயங்குகிறார்கள். மாதவாரியாக இரண்டு நெடுவரிசைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை இரண்டு இடத்திலும் அழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அதுவரை ஒவ்வொரு மாதமாக எடுத்து வைக்கிறேன். இன்று 2023 மார்ச் வரை முடித்திருக்கிறேன்.